காவலூர்க் குழியாடி

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் வானம் பார்த்த புன்செய் நிலம் மிகுதி. மழையின் அருமையை அங்குள்ளோர் நன்கு அறிவர். மழை பெய்யும்போது வீட்டு முற்றத்தில் ஒரு செம்பையும் ஓர் அண்டாவையும் அருகருகே வைத்தால், செம்பில் சிறிதளவு நீரும் அண்டாவில் மிகுதியான நீரும் சேரும். இரண்டின் மேலும் பெய்வது ஒரே மழைதான். வேறுபாட்டிற்குக் காரணம் வாயின் அகலமேயன்றிப் பிறிதில்லை.

விண்மீன்களின் ஒளியும் இவ்வாறே நிலவுலகின் மேல் ஓயாது பொழிந்துகொண்டிருக்கிறது. அதனை ஏற்கும் செம்பு மனிதனின் கண். இருளில் கண்மணியின் பாவை நன்கு விரிந்தாலும் அதன் அகலம் ஏழு மில்லிமீட்டர் அளவே. அச்சிறு வாயின் வழியே புகும் ஒளி போதாமையால் எண்ணற்ற விண்மீன்கள் கண்ணுக்குப் புலனாவதில்லை. அவற்றைக் காண்பதற்கு அண்டா போன்ற அகன்ற வாய் வேண்டும். அவ்வாய் தான் ஏற்ற ஒளி முழுவதையும் ஒரு புள்ளியில் குவித்துத் தரவும் வேண்டும். தொலைநோக்கியின் முதற்பணி இதுவே. பொருளைப் பெரிதாக்கிக் காட்டுவது அதற்கு அடுத்ததாகும்.

பெரம்பலூரிலிருந்து ஏறத்தாழ நேர் வடக்கே, வான்வழியாக 150 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வான்நோக்கு நிலையம் அமைந்திருக்கிறது. அந்நிலையத்தின் பெரிய தொலைநோக்கி 2.34 மீட்டர் அகலமுள்ளது. நெடிய ஆள் ஒருவர் அதன் வாயின் குறுக்கே படுத்தாலும் அவருடைய தலையும் காலும் ஒருசேர விளிம்பைத் தொடமாட்டா. மனிதக் கண் ஏற்பதைப்போல ஓர் இலட்சம் மடங்கிற்கும் மிகுதியான ஒளியை அஃது ஏற்கிறது. ஆனால் அதன் வாயில் மூக்குக்கண்ணாடியில் இருப்பது போன்ற வில்லை எதுவும் இல்லை. வாய் திறந்தே கிடக்கிறது. அடியில் ஒரு குழிந்த ஆடி மட்டும் வானை நோக்கிக் கிடக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடியை ஆடி என்பது தமிழ் வழக்கு. நடுவில் குழிந்த ஆடி குழியாடி எனப்படும்.

ஒளியைக் குவிக்க வில்லையும் உதவும், குழியாடியும் உதவும். அவ்வாறிருக்கப் பெரிய தொலைநோக்கிகளுக்கு ஆடியையே அறிஞர் தேர்ந்தது ஏன்? அவ்வாடியை உருவாக்குவது எங்ஙனம்? இவ்விரண்டையும் முறையே காண்போம்.

முதலில் தோன்றிய தொலைநோக்கி வில்லையால் ஆனதே. 1609ஆம் ஆண்டில் கலிலியோ வானை நோக்கித் திருப்பிய கருவி அத்தகையது. அதன்பின் வில்லைகள் படிப்படியாகப் பெருகி வளர்ந்தன. 1897ஆம் ஆண்டில் அமெரிக்காவில் யெர்க்கிசு என்னும் வான்நோக்கு நிலையத்தில் 102 சென்டிமீட்டர் அகலமுள்ள வில்லைத் தொலைநோக்கி நிறுவப்பட்டது. வான்நோக்கு நிலையங்களில் பயன்பட்ட இவ்வகை விண்மீன் நோக்கிகளுள் அதனினும் பெரியது பின்னர் எழவில்லை. நூறாண்டிற்கும் மேலாகியும் அவ்வெல்லை கடக்கப்படாமைக்குக் காரணங்கள் உள.

முதற்காரணம் நிறம். வில்லை ஒளியை வளைத்துக் குவிக்கிறது. ஆயின் எல்லா நிற ஒளியையும் அது சமமாக வளைப்பதில்லை. நீல ஒளி மிகுதியாக வளையும். சிவப்பொளி குறைவாக வளையும். பட்டகத்தின் வழியே செல்லும் வெயில் ஏழு நிறமாகப் பிரிவதும் இதனாலேயாம். ஆகவே நீல ஒளி வில்லைக்கு அருகிலும், சிவப்பொளி சற்றுத் தள்ளியும் குவியும். யெர்க்கிசு வில்லை ஒளியைக் குவிக்கும் தொலைவு 19.4 மீட்டர். அவ்வளவு தொலைவில் ஒளியைக் குவிப்பதற்கு ஒற்றை வில்லை மட்டும் இருந்திருப்பின், நீலம் குவியும் இடத்திற்கும் சிவப்புக் குவியும் இடத்திற்கும் இடையே ஏறத்தாழ ஓரடி இடைவெளி தோன்றியிருக்கும். ஓரிடத்தில் தெளிவாகத் தெரியும் நிறத்தைச் சுற்றி ஏனைய நிறங்கள் மங்கிய வளையமாகப் படர்ந்திருக்கும். இக்குறையைப் போக்க, இருவேறு வகைக் கண்ணாடியாலான இரண்டு வில்லைகளை இணைத்துப் பயன்படுத்துவர். குறை பெரிதும் நீங்கும், முற்றும் நீங்காது. அன்றியும், இழைக்க வேண்டிய பரப்புகள் நான்காகிவிடும்.

இரண்டாவது காரணம் எடை. வில்லையின் வழியே ஒளி செல்ல வேண்டும். ஆதலின் அதன் பின்புறத்தில் எதனையும் முட்டுக்கொடுத்து வைக்க இயலாது. விளிம்பில் மட்டுமே அதனைப் பிடித்து நிறுத்தலாம். நான்கு பேர் விளிம்பைப் பற்றிய சமுக்காளம் நடுவில் தொய்வதைப் போல, பெரிய வில்லையும் தன் எடையால் நடுவில் தொய்யும். அத்தொய்வு கண்ணுக்குத் தெரியாத சிறு அளவினது. ஆயினும் ஒளிக்குத் தெரியும். தொலைநோக்கியை வானத்தின் வேறொரு திசைக்குத் திருப்பினால் தொய்வின் வடிவமும் மாறும். வில்லையைத் தடிப்பாக்கினால் எடை கூடுவதோடு, கண்ணாடி விழுங்கும் ஒளியும் கூடும்.

மூன்றாவது காரணம் கண்ணாடியின் உட்புறம். வில்லையின் உள்ளே ஒரு குமிழோ, ஓர் இழையோ, அடர்த்தி வேறுபாடோ இருந்தால், அதனூடு செல்லும் ஒளி நெறி தவறும். மேலிருந்து கீழ்வரை ஒரே தன்மையதான கண்ணாடியை ஒரு மீட்டருக்கு மேல் வார்த்தெடுப்பது மிக அரிது.

இம்மூன்று குறைகளும் ஆடிக்கு இல்லை. ஆடியில் ஒளி உட்புகுவதில்லை. மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. நீலமாயினும் சிவப்பாயினும் எல்லா நிறமும் ஒரே கோணத்தில் திரும்பும். ஆதலின் நிறப்பிழை தோன்றுவதில்லை. இதனை உணர்ந்தே நியூட்டன் 1668ஆம் ஆண்டில் உலோகக் குழியாடியால் ஒரு சிறு தொலைநோக்கியைச் செய்தார். மேலும், ஆடியின் பின்புறம் ஒளிக்குத் தேவையற்றது. அங்கே பல இடங்களில் தாங்கிகளை வைத்து எடையைப் பகிர்ந்து ஏந்தலாம். கண்ணாடியின் உள்ளே சில குமிழிகள் இருப்பினும் கேடில்லை. மேற்பரப்பு ஒன்றே செம்மையாக இருத்தல் வேண்டும்.

அந்த ஒரு பரப்பின் செம்மைதான் எளிதில் கைகூடாதது. ஆடியின் பரப்பில் ஓரிடத்தில் நுண்ணிய பள்ளம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அங்கே படும் ஒளி பள்ளத்தின் ஆழத்தைக் கடந்து சென்று, மீண்டும் அதே ஆழத்தைக் கடந்து திரும்புகிறது. எனவே ஒளியில் தோன்றும் பிழை பள்ளத்தைப்போல் இரு மடங்கு. வில்லையின் பரப்பில் அதே பள்ளம் இருந்தால், ஒளியில் தோன்றும் பிழை பள்ளத்தின் பாதி அளவே. ஏனெனில் அங்கே ஒளி திரும்புவதில்லை. கண்ணாடியிலும் காற்றிலும் செல்லும் வேகத்தின் வேறுபாடு மட்டுமே பிழையை உண்டாக்குகிறது. ஆகவே வில்லையைப்போல் நான்கு மடங்கு நுட்பமாக ஆடியை இழைத்தல் வேண்டும். வில்லையின் குறைகளை நீக்குவதற்கு ஆடி கேட்கும் விலை இதுவாகும்.

அந்நுட்பத்தின் அளவு யாது? ஒளி அலையின் நீளம் ஏறத்தாழ அரை மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரானாகும். நல்ல ஆடியின் பரப்பு, இருக்க வேண்டிய வடிவத்திலிருந்து அலைநீளத்தின் எட்டில் ஒரு பங்கிற்கு மேல் விலகலாகாது என்பது பொதுவான அளவுகோல். மனிதனின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ எழுபது மைக்ரான். அம்மயிரை ஆயிரம் மென்படலங்களாகச் சீவினால் ஒரு படலத்தின் தடிப்பு எவ்வளவோ, அவ்வளவே ஆடியில் பொறுக்கத்தக்க பிழை.

இத்தகைய நுண்மையை எந்தக் கடைசல் பொறியைக் கொண்டு அடைவது? முற்காலத்தில் அதற்கெனத் துல்லியமான பொறி எதுவும் இல்லை. தேய்ப்பு என்னும் எளிய செயலே அந்நுண்மையைத் தந்தது. இன்றும் அச்செயலே இதற்கு அடிப்படையாக உள்ளது.

வீட்டில் உள்ள அம்மியைக் கூர்ந்து நோக்கினால் இதன் கருத்து விளங்கும். பல்லாண்டுகள் அரைத்த அம்மி நடுவில் குழிந்திருக்கும். குழவியோ அக்குழிக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். இரண்டு கற்கள் ஒன்றையொன்று தேய்க்கும்போது இரண்டும் ஒன்றற்கொன்று பொருந்தும் வடிவத்தைத் தாமே பெறுகின்றன. அம்மியில் குழவி முன்னும் பின்னுமாக மட்டுமே செல்வதால் அக்குழி நீண்டிருக்கிறது. இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இடையே கரடான பொடியும் நீரும் இட்டு, எல்லாத் திசைகளிலும் மாறி மாறித் தேய்த்தால் என்ன நிகழும்? மேற்கண்ணாடியின் நடுப்பகுதியும் கீழ்க்கண்ணாடியின் விளிம்பும் மிகுதியாகத் தேயும். மேலது குழியும், கீழது குவியும். எப்பக்கம் நகர்த்தினாலும், எவ்வாறு சுழற்றினாலும், எல்லா இடங்களிலும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கக்கூடிய வளைந்த வடிவம் ஒன்றே உண்டு. அதுவே கோளம், அதாவது பந்தின் பரப்பு. ஆதலின் தேய்ப்பவர் கோளத்தை அளந்து செதுக்க வேண்டியதில்லை. பொருந்தாத மேடுகள் தாமே முதலில் தேய்ந்து, கோள வடிவம் தானே பிறக்கிறது.

காவலூர் ஆடி போன்ற பெருங்கண்ணாடியைக் கையால் எடுத்துத் தேய்க்க இயலாது. அது சுழலும் மேடையின்மேல் முகம் மேல்நோக்கக் கிடக்கும். தேய்க்கும் தட்டு ஒன்று பொறியின் கையால் அதன்மேல் முன்னும் பின்னும் இயக்கப்படும். முதலில் கரடான பொடியால் குழியைத் தோண்டுவர். பின்னர் அதனினும் நுண்ணிய பொடி, அதன்பின் மேலும் நுண்ணிய பொடி எனப் படிப்படியாக மாற்றுவர். ஒவ்வொரு பொடியும் தனக்கு முந்திய பொடி விட்டுச்சென்ற சிறுகுழிகளை அழிக்கும் வரை தேய்ப்புத் தொடரும். பொடியை மாற்றும்போதெல்லாம் கண்ணாடி, தட்டு, மேடை, தரை, தேய்ப்போரின் கைகள் ஆகிய அனைத்தையும் கழுவித் தூய்மை செய்வர். முந்திய கரட்டுப் பொடியின் மணி ஒன்று எஞ்சிக் கிடந்தாலும் அது பரப்பில் நீண்ட கீறலை இட்டுவிடும். அக்கீறலை நீக்க, மீண்டும் பழைய பொடிக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

இவ்வளவு தேய்த்தும் கண்ணாடி பனி படர்ந்ததுபோல் மங்கலாகவே இருக்கும். அதனைப் பளபளப்பாக்குவது அடுத்த படி. இதற்குத் தட்டின் முகத்தில் கீல் பூசுவர். கீல் என்பது கல்லும் அன்று, குழம்பும் அன்று. விரைந்து அடித்தால் கல்லைப்போல் உடையும். மெல்ல அழுத்தினால் தேனைப்போல் ஒழுகும். இவ்விரு தன்மையாலும் அது கண்ணாடியின் வளைவிற்குத் தானே இணங்கிப் படியும். மெருகுப்பொடியின் மணிகளைத் தன்னுள் பற்றிக்கொண்டு மென்மையாகத் தேய்க்கவும் செய்யும். கீலில் குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால்கள் வெட்டியிருப்பர். மெருகுநீர் எங்கும் பரவவும், கீல் ஒழுகி இடம்பெறவும் அவை உதவும்.

மெருகு ஏறிய ஆடி இப்போது அழகிய கோளப் பரப்பாக ஒளிரும். ஆயினும் பணி முடியவில்லை. அரிய பகுதி இனிமேல்தான் தொடங்குகிறது. கோளக் குழியாடி விண்மீன் ஒளியை ஒரே புள்ளியில் குவிப்பதில்லை. விளிம்பில் படும் ஒளி ஆடிக்குச் சற்று அருகிலும், நடுவில் படும் ஒளி சற்றுத் தொலைவிலும் கூடும். விண்மீன் ஒரு புள்ளியாகத் தோன்றாமல் ஒளித்திட்டாகத் தோன்றும். எல்லா ஒளியும் ஓரிடத்தில் கூடுவதற்கு ஆடி பரவளைய வடிவினதாக இருத்தல் வேண்டும். சாய்வாக எறிந்த கல் வானில் வரையும் வளைவே பரவளையம். அதனை அதன் நடுக்கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் கிடைக்கும் குழியே வேண்டிய வடிவம்.

கோளத்திற்கும் பரவளையத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் காவலூர் ஆடியை வைத்தே கணக்கிடலாம். அவ்வாடி ஒளியைக் குவிக்கும் தொலைவு ஏறத்தாழ 7.6 மீட்டர். அதன் வளைவை ஒரு பெரும்பந்தின் பகுதியாகக் கொண்டால், பந்தின் ஆரம் அதைப்போல் இரு மடங்காக, 15.2 மீட்டராக இருக்கும். 2.34 மீட்டர் அகலத்தில் இவ்வளைவு நடுவில் நாலரைச் சென்டிமீட்டர் ஆழமே குழிந்திருக்கும். சோற்றுத் தட்டைக் காட்டிலும் தட்டையான குழி அது. இனி, கோளத்தையும் பரவளையத்தையும் நடுவில் பொருத்தி வைத்தால், விளிம்பில் அவை விலகி நிற்கும் அளவு ஏறத்தாழ 67 மைக்ரான். அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பு! ஓராள் நீளத்திற்கு மேற்பட்ட கண்ணாடியில், விளிம்பருகே ஒரு மயிரளவு, உள்ளே வரவர அதனினும் குறைந்து குறைந்து, நடுவில் ஒன்றுமில்லை எனும்படி வடிவம் மாற வேண்டும். அம்மாற்றமும் மயிரின் ஆயிரத்தில் ஒரு பங்குப் பிழைக்குள் அமைய வேண்டும். இதற்காகச் சிறிய தட்டுகளைக் கொண்டு, வேண்டிய வளையங்களில் மட்டும், சிறிது நேரம் மெருகிட்டுச் சிறிது நேரம் சோதித்துப் பார்ப்பர்.

கண்ணுக்குப் புலனாகாத இவ்வேறுபாட்டைச் சோதிப்பது எங்ஙனம்? பிரான்சு நாட்டு அறிஞர் பூக்கோ 1858ஆம் ஆண்டில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். அதற்கு வேண்டுவன ஒரு விளக்கு, ஊசித்துளையிட்ட தகடு, கூரிய கத்தி ஆகிய மூன்றே. கோளத்தின் மையம் இருக்குமிடத்தில், காவலூர் ஆடியின் அளவாயின் 15.2 மீட்டருக்கு அப்பால், துளையின் வழியே ஒளியை ஆடிமேல் விடுவர். கோளப் பரப்பாயின் ஒளி முழுவதும் திரும்பி வந்து ஒரே புள்ளியில் கூடும். கத்தியின் விளிம்பை அப்புள்ளியின் குறுக்கே மெல்லச் செலுத்தினால், ஆடி முழுவதும் ஒரே நேரத்தில், ஒரே சீராக இருளும். பரப்பில் ஒரு மேடோ பள்ளமோ இருந்தால், அங்கிருந்து வரும் ஒளி வேறிடத்தில் கூடுவதால், அவ்விடம் மட்டும் முன்னரே இருண்டோ பின்னரும் ஒளிர்ந்தோ காணப்படும். ஆடியைப் பார்ப்பவருக்கு அதன் குறைகள் மாலைவெயிலில் தெரியும் மணல்மேடுகளைப்போல் நிழலும் ஒளியுமாகத் தோன்றும்.

பரவளையமாயின் அதன் ஒவ்வொரு வளையமும் வெவ்வேறு தொலைவில் ஒளியைக் கூட்டும். விளக்கையும் கத்தியையும் ஒருங்கே நகர்த்தி அளந்தால், காவலூர் ஆடியின் வடிவத்திற்கு, நடுப்பகுதியின் ஒளி கூடும் இடத்திற்கும் விளிம்பின் ஒளி கூடும் இடத்திற்கும் இடையே ஏறத்தாழ நாலரைச் சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பரப்பில் ஒரு மயிரளவாக இருந்த வேறுபாடு, இங்கே பள்ளி மாணவரின் அளவுகோலாலும் அளக்கத்தக்க வேறுபாடாக விரிகிறது. சோதனையின் ஆற்றல் இதில்தான் உள்ளது. அளந்த எண்கள் கணக்கிட்ட எண்களோடு ஒத்து வரும்வரை மெருகும் சோதனையும் மாறி மாறி நடைபெறும்.

இப்பணியில் வெப்பம் ஒரு பெரும்பகை. மெருகிடும்போது உராய்வினால் கண்ணாடி சூடேறும். சூடேறிய பகுதி விரிந்து மேடாகும். அந்நிலையில் சோதித்தால் இல்லாத மேடு இருப்பதாகத் தோன்றும். அதனை நம்பித் தேய்த்தால், கண்ணாடி ஆறியபின் அவ்விடம் பள்ளமாகிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் கண்ணாடி முழுவதும் ஆறும்வரை காத்திருந்தே சோதிப்பர். தொலைநோக்கியில் வைத்த பிறகும் இரவில் குளிர் ஏற ஏற ஆடியின் வடிவம் மாறக்கூடும். இதனைத் தவிர்க்கவே பெரிய ஆடிகளுக்கு, வெப்பத்தால் மிக மிகக் குறைவாகவே விரியும் தனிவகைக் கண்ணாடிப் பொருளைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

சோதிக்கும் கருவியே பிழைபட்டிருந்தால் என்னாகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டில் அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய அபிள் தொலைநோக்கியின் ஆடி 2.4 மீட்டர் அகலமுள்ளது. காவலூர் ஆடியினும் சிறிதே பெரியது. அதனை மிக நுட்பமாக இழைத்திருந்தனர். ஆனால் அதனைச் சோதிக்கப் பயன்பட்ட கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறி அமைந்திருந்தது. கருவி தவறான வடிவத்தைச் சரியென்று காட்டியது. இழைத்தவர்களும் அத்தவறான வடிவத்தையே செம்மையாகச் செய்து முடித்தனர். எளிய வேறு சோதனைகள் பிழையைக் காட்டியபோதும், நுட்பமான கருவியையே நம்பி அவற்றைப் புறக்கணித்தனர். விளிம்பு இரண்டு மைக்ரானுக்குச் சற்று மிகுதியாகத் தேய்ந்திருந்தது. மயிரின் முப்பதில் ஒரு பங்கு! அதனால் விண்மீன்கள் மங்கிய திட்டுகளாகத் தெரிந்தன. 1993ஆம் ஆண்டு டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று, அப்பிழைக்கு நேர்மாறான பிழையுடைய சிற்றாடிகளைப் பொருத்திய பின்னரே அதன் பார்வை தெளிந்தது. ஒரு சோதனையின் முடிவை அதனோடு தொடர்பற்ற வேறொரு சோதனையாலும் உறுதிசெய்தல் வேண்டும் என்பது ஆடி இழைப்போர் அனைவரும் இதனால் அறிந்த பாடம்.

காவலூர் ஆடி நம் நாட்டிலேயே இழைக்கப்பட்டது. இந்தியாவிலேயே ஒரு பெரிய தொலைநோக்கியைச் செய்து நிறுவ வேண்டும் என்பது வானியலறிஞர் வேணு பாப்புவின் நெடுநாள் அவா. காவலூரில் நிலையம் அமைத்தவரும் அவரே. 1968ஆம் ஆண்டில் அங்கே 38 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறிய ஆடித் தொலைநோக்கியால் பணி தொடங்கிற்று. 1972ஆம் ஆண்டில் ஒரு மீட்டர் தொலைநோக்கி அயல்நாட்டிலிருந்து வந்து சேர்ந்தது. அடுத்த பெரிய ஆடியை விலைக்கு வாங்காமல் நாமே இழைப்பது என்று பாப்பு துணிந்தார். பெங்களூரில் அந்நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் ஏ. பி. செயராசனின் வழிகாட்டலில் தேய்ப்பும் மெருகும் நடைபெற்றன. பணி நிறைவேறும் முன்னரே, 1982ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பாப்பு இயற்கை எய்தினார். அவருடன் உழைத்தோர் பணியைத் தொடர்ந்து முடித்தனர். 1986ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாளன்று அப்போதைய தலைமையமைச்சர் இராசீவ் காந்தி அந்நிலையத்திற்கும் தொலைநோக்கிக்கும் வேணு பாப்புவின் பெயரைச் சூட்டி நாட்டிற்கு ஒப்படைத்தார். 2016ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள தேவசுதலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கும்வரை, இந்தியாவின் மிகப் பெரிய ஒளித் தொலைநோக்கி காவலூரில் உள்ளதே.

ஆடிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே கண்ணாடியாக எட்டு மீட்டர் அகலத்திற்குச் சற்று மேல்வரை செய்துள்ளனர். அதற்கும் மேற்பட்டால் வார்ப்பதும், மலையுச்சிக்கு ஏற்றுவதும், தொய்யாமல் தாங்குவதும் மிகக் கடினம். ஆகவே அதனினும் பெரியவற்றைச் சிறு சிறு ஆடிகளைத் தேன்கூட்டின் அறைகளைப்போல் இணைத்து அமைக்கின்றனர். அவாய்த் தீவிலுள்ள கெக்குத் தொலைநோக்கியின் பத்து மீட்டர் ஆடி, அறுகோண வடிவுடைய 36 ஆடிகளின் கூட்டேயாகும். வில்லையை இவ்வாறு துண்டு துண்டாக இணைத்துப் பின்புறம் தாங்கி வைத்தல் இயலாது, ஒளிக்கு வழியிராது.

இத்துணை உழைப்பால் உருவாகும் கண்ணாடி தானே ஒளியை நன்கு திருப்புவதில்லை. அதன்மேல் அலுமினியத்தை மிக மெல்லிய பூச்சாக இடுகின்றனர். காற்று நீக்கிய கலத்துள் அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்கினால், அவ்வாவி கண்ணாடியின்மேல் படிகிறது. அப்பூச்சின் தடிப்பு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே. விண்மீன் ஒளியைத் திருப்புவது அந்தப் பூச்சுத்தான். அதனைத் தன் வடிவத்தில் தாங்கி நிற்பது மட்டுமே கண்ணாடியின் வேலை. தூசியாலும் ஈரத்தாலும் பூச்சு நாளடைவில் மங்கும். மங்கும்போது அதனைக் கரைத்து நீக்கிப் புதுப்பூச்சு இடுவர். பூச்சு எத்தனை முறை மாறினாலும், அதன் கீழே மயிரிழையை ஆயிரம் கூறாக்கிய நுண்மையுடன் இழைத்த வளைவு மாறாது நிற்கும்.